முகம் காணா வகுப்பில் முதல் வணக்கம்

ஆசிரியர் வகுப்பறையினுள் நுழைந்ததும் மாணவர் எழுந்து நின்று வணக்கம் கூறுவதும், ஆசிரியர் அதனை ஏற்றுக்கொண்டு அவர்களை அமரச் செய்வதும் நம் பாடசாலைகளில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். அது வெறுஞ் சடங்கு போலத் தோன்றும். ஆயினும் அந்த அரை நிமிடத்துள் அனுபவமுள்ள ஆசிரியர் பல செய்திகளை அறிந்துகொள்கிறார். எந்த இருக்கை வெறுமையாயிருக்கிறது, எவருடைய முகம் வாடியிருக்கிறது, எந்த இருவர் நேற்றுவரை பேசிக்கொண்டிருந்து இன்று பேசாதிருக்கின்றனர் என்பனவெல்லாம் ஒரு பார்வையில் அவருக்குப் புலப்பட்டுவிடுகின்றன. மாணவரும் அதே நேரத்தில் ஆசிரியரின் முகத்தைப் படித்துவிடுகின்றனர். ஆகவே வணக்கம் என்பது ஒருவர் கொடுக்க மற்றவர் திருப்பிக் கொடுக்கும் கொடுக்கல் வாங்கலாகும். பாடம் தொடங்குமுன் இரு பக்கத்தாரும் ஒருவர் மற்றவருக்குத் தாம் வந்திருப்பதை உறுதிசெய்யும் செயல் அது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளை நோயின் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தக் கொடுக்கல் வாங்கல் தடைப்பட்டது. கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் கைத்தொலைபேசியின் வழியே வகுப்புக்குச் செல்லலாயினர். அவ்வாண்டு ஒக்டோபரில் கொட்டாஞ்சேனைப் பொலிஸ் பிரிவு தனிமைப்படுத்தல் ஊரடங்கின் கீழ் வந்தபோதும், 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எரிபொருள் இல்லாமையால் கொழும்பு நகரப் பாடசாலைகள் மூடப்பட்டபோதும் அதே வழியே மீண்டும் கைகொடுத்தது. பாடசாலைகள் திறந்த பின்னரும் மாலை வேளைப் பிரத்தியேக வகுப்புகள் பல நிகழ்நிலையிலேயே தொடர்கின்றன. இவ்வகுப்புகளில் ஆசிரியர் "வணக்கம் பிள்ளைகள்" என்று கூறுகிறார். அவர் முன்னே இருப்பன இருபது முப்பது கருஞ்சதுரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். சில விநாடிகள் கழிகின்றன. மறுமொழி இல்லை. "எல்லாருக்கும் கேட்கிறதா?" என்று வினவுகிறார். அதற்கும் மறுமொழி இல்லை. பிள்ளைகளுக்கு மரியாதை குறைந்துவிட்டதென்று மனம் வருந்துகிறார்.

உண்மையில் அங்கே குறைந்திருப்பது மரியாதையா என்பதை ஆராய்ந்து பார்ப்பது தகும்.

தொலைபேசியில் இருவர் உரையாடத் தொடங்கும் முறையை இமானுவேல் ஷெக்லொவ் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் ஏறத்தாழ ஐந்நூறு அழைப்புகளைக் கொண்டு ஆராய்ந்து 1968ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அழைத்தவரே பேச வேண்டியவர் என்று நாம் எண்ணுவோம். ஆனால் அழைப்பை எடுத்தவரே முதலிற் பேசுகிறார். ஏன்? மணியொலி ஓர் அழைப்பு. "ஹலோ" என்பது அதற்கான விடை. விடை வந்த பின்னரே அழைத்தவர் தம் செய்தியைத் தொடங்குகிறார். ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், தோளைத் தொடுவதும், கையை உயர்த்துவதும் இவ்வகையைச் சேர்ந்த அழைப்புகளே. அழைப்புக்கு விடை வராவிடின் மனிதர் செய்தியைக் கூறுவதில்லை, மீண்டும் அழைக்கின்றனர். திரைக்கு முன் அமர்ந்த ஆசிரியர் "கேட்கிறதா, கேட்கிறதா" என்று மீண்டும் மீண்டும் வினவுவது அவருடைய பொறுமையின்மையால் அன்று. விடைபெறாத அழைப்பைத் திரும்ப விடுப்பது மனித இயல்பு.

வானொலி அறிவிப்பாளரும் முகம் காணாத நேயரை வணங்கித்தானே நிகழ்ச்சியைத் தொடங்குகிறார் என்று ஒருவர் கேட்கலாம். கொழும்பிலிருந்து 1925ஆம் ஆண்டு முதல் ஒலிபரப்பு நடந்துவருகிறது. ஒலிவாங்கியின் முன் அமர்ந்து "நேயர்களுக்கு வணக்கம்" கூறிய எவரும் மறுமொழியின்மையால் மனம் வருந்தியதில்லை. மறுமொழி வர வழியே இல்லை என்பது இரு பக்கத்தாருக்கும் தெரியும். அதனால் எவரும் அதனை எதிர்பார்ப்பதில்லை. நிகழ்நிலை வகுப்பிலோ வழி திறந்திருக்கிறது. திறந்திருந்தும் எவரும் அதன் வழியே வராமையே ஆசிரியரை உறுத்துகிறது.

கமராவை ஏன் திறப்பதில்லை என்பதற்கு இரு ஊர்களின் வீடுகளே முதற் சான்று பகரும். கொட்டாஞ்சேனையின் உள்ளொழுங்கைகளில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாக அமைந்த வீடுகள் பல. பிள்ளை சுவரோடு சாய்ந்து தரையில் அமர்ந்தால், அதன் பின்னே உலர்த்திய துணி, கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி, குளித்து வரும் தந்தை எல்லாம் படத்தில் விழும். வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் அறைகள் இரண்டு மூன்று இருக்கலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர், ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர் என்று அங்கும் ஆட்கள் நிறைந்திருப்பர். வீட்டின் உட்புறத்தை வகுப்பு முழுவதற்கும் காட்டுவதற்குப் பிள்ளை கூசுவது இயல்பே. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் காஸ்டெல்லி, சார்வரி ஆகிய இருவரும் தம் மாணவரிடம் காரணம் கேட்டு 2021இல் வெளியிட்ட ஆய்விலும் தம் தோற்றத்தைப் பற்றிய கவலையே மாணவர் கூறிய காரணங்களுள் முதன்மையாயிருந்தது; பின்புறத்தில் பிறர் தென்படுவதும், வீட்டின் நிலை தெரிவதும், இணைப்பின் மெலிவும் அதனையடுத்து வந்தன. படிப்பில் விருப்பமின்மை என்று நாம் எண்ணிக்கொள்வது அவற்றுள் முன்னணியில் இல்லை.

செலவும் ஒரு காரணம். சூம் நிறுவனம் வெளியிட்ட அளவுகளின்படி ஒலி மட்டும் செல்வதற்கு விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிட்டும், உயர்தரப் படம் செல்வதற்கு ஏறத்தாழ 600 கிலோபிட்டும் வேண்டும். இதனை ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கி எட்டால் வகுத்தால், ஒலிக்கு 36 மெகாபைட்டுக்கு மேற்படாது. தன் முகத்தை அனுப்பும் பிள்ளைக்கோ அதனுடன் 270 மெகாபைட் வரை கூடுதலாகச் செலவாகலாம். தகப்பனாரின் தொலைபேசியில் ஒரு வாரத்துக்கென்று பணம் நிரப்பிய வீட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று. அக்காவுக்கும் தம்பிக்கும் வேறு வேறு வகுப்புகள் இருப்பின் பிள்ளைகள் தாமே கணக்குப் பார்த்துக் கமராவை மூடிவிடுவர்.

ஆகவே கமரா மூடியிருக்கும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, வணக்கத்தின் மறுபாதியை வேறு வழியாற் பெறுவதெப்படி என்று பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக வெள்ளவத்தையிலிருந்து மாலை ஏழு மணிக்கு நடக்கும் தரம் 10 கணித வகுப்பொன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஆசிரியை காலி வீதியின் கடற்புறத்து ஒழுங்கையொன்றில் வாழ்பவர். கரையோரப் புகைவண்டி கடக்கும்போதெல்லாம் அவர் பேச்சை நிறுத்த வேண்டும். மாணவர் இருபத்தாறு பேர். பாதிப்பேர் வெள்ளவத்தை, மற்றையோர் கொட்டாஞ்சேனை. மூவருடைய கமரா மட்டுமே திறந்திருக்கும்.

முதல் வாரத்தில் ஆசிரியை செய்தது இது. ஏழு மணிக்கு அனைவரையும் ஒரே முறையில் உள்ளே அனுமதித்தார். "எல்லாருக்கும் வணக்கம். எல்லாரும் சுகமா?" என்றார். மூன்று விநாடி பொறுத்தார். "சரி, பாடத்துக்குப் போவோம்" என்றார். அந்த மூன்று விநாடியில் மறுமுனையில் நடந்தவற்றை நோக்குவோம். "எல்லாரும்" என்று கேட்கப்பட்ட கேள்வி தனக்குரியது என்று எந்தப் பிள்ளையும் எண்ணவில்லை. வேறொருவர் சொல்லட்டும் என்று இருபத்தாறு பேரும் காத்திருந்தனர். சொல்ல நினைத்த நால்வர் ஒலிவாங்கியைத் திறக்க விரலை நகர்த்தினர். திரை அணைந்திருந்தமையால் ஒருத்திக்கு அதனைத் தட்டி எழுப்பவே இரண்டு விநாடி சென்றது. ஒருவன் திறந்தபோது அடுத்த அறையில் தொலைக்காட்சி அலறியது, உடனே மூடிவிட்டான். இருவர் ஒரே சமயத்தில் "வணக்கம் மிஸ்" என்று தொடங்க, குரல்கள் மோதி இரண்டும் வெட்டுண்டன. ஆசிரியைக்குக் கேட்டது ஓர் அரைச் சொல்லும் ஓர் இரைச்சலுமே.

நேரிற் பேசும்போது ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் தொடங்குவதற்கு ஆகும் இடைவெளி மிகச் சிறிது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதனை விநாடியின் ஐந்திலொரு பங்களவு என்று கண்டது. நம் செவி அந்த அளவுக்குப் பழகியது. அதனால் இணையத்தில் மூன்று விநாடி மௌனம் நிலவினால் அது மறுப்புப் போலத் தொனிக்கிறது. பள்ளி ஆசிரியர் கேள்வி கேட்டபின் சராசரி ஒரு விநாடியளவே பொறுக்கின்றனர் என்பதை மேரி பட் றோ என்பவர் அமெரிக்க வகுப்புகளின் ஒலிப்பதிவுகளிலிருந்து கண்டறிந்தார். மூன்று விநாடியும் அதற்கு மேலும் பொறுத்தபோது விடைகள் நீண்டன, விடை தருவோரும் பெருகினர். அது கண்முன் மாணவர் அமர்ந்திருந்த வகுப்பிற் கண்டது. விரலால் திரையைத் தட்டி எழுப்பி, பெட்டியைத் திறந்து, எழுத்தைத் தேடிப் பதிய வேண்டிய பிள்ளைக்குப் பத்து விநாடி, பதினைந்து விநாடி கூட வேண்டியிருக்கும். ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு மனத்துள் பதினைந்து வரை எண்ணுதல் மிகக் கடினமான பயிற்சி. ஒரு குவளைத் தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் மெல்ல அருந்துவது உதவும் என்று சிலர் கூறுவர், அது நகைப்புக்குரியதன்று.

இரண்டாம் வாரத்தில் ஆசிரியை முறையை மாற்றினார். ஆறு ஐம்பத்தைந்துக்கே வந்து அமர்ந்து, காத்திருப்பறையில் நிற்பவர்களை ஒவ்வொருவராக உள்ளே அனுமதித்தார். உள்ளே வரும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்றார்: "தர்ஷினி, வணக்கம். வாங்கோ." அவ்வளவே. மறுமொழி கேட்கவில்லை. ஒருவருக்கு ஐந்து விநாடி வீதம் இருபத்தாறு பேருக்கு நூற்றுமுப்பது விநாடி. அதாவது இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். அதுவும் பெரும்பகுதி ஏழு மணிக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. கட்டணமில்லாத சூம் கணக்கில் கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் இச்சிக்கனம் தேவையாயிற்று.

இங்கே ஓர் இடர் தோன்றியது. உள்ளே வந்த பெயர்களுள் நான்கு மனிதர் பெயர்களே அல்ல. ஒன்று `Galaxy A12`, மற்றொன்று `Redmi`, இன்னொன்று `Amma`, நான்காவது ஒரு தகப்பனாரின் முழுப்பெயர். தொலைபேசி எவருடையதோ, அல்லது எந்த நிறுவனம் செய்ததோ, அப்பெயரே திரையில் வந்து நிற்கிறது. "Galaxy A12, வணக்கம்" என்று ஆசிரியர் சொல்ல இயலாது. "இது யார்?" என்று எல்லார் முன்னும் கேட்டால், பிள்ளையிடம் சொந்தத் தொலைபேசி இல்லை என்பது வெளிப்பட்டுவிடும். ஆசிரியை அந்நால்வருக்கும் உரையாடற் பெட்டியில் தனித்தனியே எழுதி, "பெயரைச் சொன்னால் நானே மாற்றிவிடுகிறேன்" என்றார். கூட்டத்தை நடத்துபவர் பங்குபற்றுவோர் பட்டியலில் பெயரின் அருகே உள்ள `Rename` என்பதை அழுத்தி மாற்றிவிடலாம். ஆனால் அடுத்த நாள் அதே தொலைபேசி அதே பழைய பெயருடன் வருவதுண்டு. ஆகவே ஒரு தாளில் "`Amma` – சங்கீதா, கொட்டாஞ்சேனை" என்று குறித்து இடாப்புக்குள் வைத்துக்கொள்வது நன்று.

அடுத்துக் கேள்வி. "சுகமா?" என்பதை விட்டு, ஒரு விரலால் விடை கூறக்கூடிய, வீட்டு நிலையை வெளிப்படுத்தாத ஒன்றை ஆசிரியை தேர்ந்தார். "நேற்றைய மூன்றாம் கணக்குச் சரியாக வந்தவர்கள் 1 என்றும், பாதியில் நின்றவர்கள் 2 என்றும், தொடவே இல்லையென்றால் 3 என்றும் பெட்டியில் எழுதுங்கோ. 3 என்று எழுதினால் ஏசமாட்டேன்." பிறகு பதினைந்து விநாடி மௌனம். எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அவற்றைப் பார்த்ததோடு நில்லாமல் பெயருடன் வாய்விட்டு வாசித்தார்: "கவிதா 2. இம்ரான் 1. நிரோஷன் 3, சரி, அதைத்தான் இன்றைக்கு முதலிற் பார்ப்போம்." இந்த வாசிப்பே முக்கியமானது. பிள்ளை அனுப்பிய சிறு எண் ஆசிரியையிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதுவே சான்று. பிள்ளையின் வணக்கத்தை ஆசிரியர் தலையசைத்து ஏற்பதற்கு ஒப்பானது அது. வாசிக்காமல் விட்டால் மூன்றாம் நாளில் எண்கள் குறைந்துவிடும்.

சிலர் எண்ணோடு நிற்கவில்லை. ஒருத்தி `Good evening miss` என்று எழுதினாள். ஒருவன் `kekkuthu` என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினான். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதைக் கண்டு முகஞ்சுளிக்கும் ஆசிரியர் உண்டு. தமிழ் விசைப்பலகை இல்லாத தொலைபேசியில், முதல் நிமிடத்தில், அதனைத் திருத்த முற்படுவது வேண்டாத வேலை. மொழித்திருத்தத்துக்கு வேறு வேளை உண்டு. வகுப்பில் இந்துவும் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இருப்பின் வரும் முகமன்களும் பலவாகும். வந்த சொல்லையே திருப்பிக் கூறுவது எளிது.

இருபத்தாறு பேரில் இருபத்திரண்டு பேர் எண் அனுப்பினர். எஞ்சிய நால்வரின் மௌனத்தை எவ்வாறு பொருள்கொள்வது என்பதே இனி வரும் வினா. அனைவரையும் ஒரே வகையினராகக் கருதுவதுதான் ஆசிரியர் செய்யும் பெரும் பிழை. பங்குபற்றுவோர் பட்டியலை உற்றுநோக்கினால் வேறுபாடு தெரியும். பெயருக்கு எதிரே ஒலிவாங்கியின் குறி இருந்து, அதன் குறுக்கே சிவப்புக் கோடு காணப்பட்டால் அப்பிள்ளை தன் குரலை மூடி வைத்திருக்கிறது. ஆசிரியரின் குரல் அதற்குக் கேட்கும் நிலையிலுள்ளது. பெயருக்கு எதிரே ஒலிவாங்கிக் குறியே இல்லையென்றால் அத்தொலைபேசி ஒலியுடன் இணையவேயில்லை. அப்பிள்ளைக்குப் படம் தெரியும். ஆசிரியரின் வாய் அசைவது தெரியும். ஒரு சொல்லும் கேளாது. நுழையும்போது தோன்றும் `Join Audio` என்ற வினாவை அவசரத்தில் ஒதுக்கித் தள்ளியிருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

நம் எடுத்துக்காட்டு வகுப்பில் நிரஞ்சன் என்னும் பிள்ளையை இவ்வகையினனாகக் கொள்வோம். கொட்டாஞ்சேனையிலிருந்து தாயின் பழைய தொலைபேசியில் வருபவன். முதல் வாரம் முழுவதும் பெயர் சொல்லி அழைத்தபோது அவன் வாய்திறக்கவில்லை. "நிரஞ்சன், இருக்கிறீரா இல்லையா?" என்று இருமுறை கேட்ட ஆசிரியை, இணைத்துவிட்டு விளையாடப் போய்விட்டான் என்று முடிவு செய்து இடாப்பில் வரவில்லையென்று குறித்தார். உண்மையில் அவன் வகுப்பு முடியும்வரை திரையின் முன்னேயே இருந்தான். கரும்பலகைப் படத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதினான். ஒலி வராததைத் தன் தொலைபேசியின் பழுதென்று எண்ணித் தாயிடம் சொல்லவும் அஞ்சினான், புதியது வாங்க வழியில்லை என்பதை அறிந்தவனாகையால். இரண்டாம் வாரத்தில் பட்டியலை நோக்கிய ஆசிரியை அவன் பெயருக்கு எதிரே குறி இல்லாததைக் கண்டார். பேசிப் பயனில்லை என்பதால் பெட்டியில் அவனுக்கு மட்டும் எழுதினார்: "நிரஞ்சன், சத்தம் கேட்கவில்லையா? திரையில் `Join Audio` என்று இருப்பதை அழுத்தி, அடுத்து வருவதில் `Wifi or Cellular Data` என்பதைத் தெரிவு செய்யவும்." அரை நிமிடத்தில் குறி தோன்றியது. "இப்போது கேட்கிறதா?" என்று வாயால் கேட்டார். `kekkuthu miss` என்று எழுத்து வந்தது. முந்திய வாரத்து இடாப்பை எடுத்து அவர் திருத்திக்கொண்டார்.

மற்ற மூவருக்கும் சிவப்புக் கோட்டுடன் குறி இருந்தது. அவர்களுள் ஒருத்தி பிந்தி வந்தவள். கூட்டத்தில் பிந்தி நுழைபவருக்கு அதற்கு முன் பெட்டியில் எழுதப்பட்டவை பெரும்பாலும் தெரிவதில்லை. கேள்வி என்னவென்றே அவள் அறியாள். எனவே ஐந்தாம் நிமிடத்தில் கேள்வியை ஒருமுறை மீண்டும் எழுத வேண்டும். இன்னொருவன் தம்பியின் வகுப்பு முடியும்வரை அவனுக்குத் தொலைபேசியைக் கொடுத்திருந்தான். இணைப்பு மட்டும் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாமவன் உண்மையிலேயே படுத்துறங்கிவிட்டான். இம்மூவரையும் வெளியிலிருந்து வேறுபடுத்தி அறிய வழியில்லை. அந்நேரத்தில் எல்லார் முன்னும் அழைத்துக் கேட்பதால் தெரிய வருவதும் ஒன்றுமில்லை. வகுப்பு முடிந்த பின் வட்ஸ்அப்பில் "இன்றைக்கு உம்மைக் காணவில்லை, முதலாம் பகுதியை அனுப்பட்டுமா?" என்று ஒரு வரி எழுதுவதே போதும். விடை வரும்; காரணமும் வரும்.

ஒலிவாங்கியைத் திறக்கும்படி கட்டளையிடுவதிலும் கவனம் வேண்டும். கூட்டத்தை நடத்துபவர் பிள்ளையின் ஒலிவாங்கியை மூடலாம். தாமாகத் திறக்க முடியாது. திறக்குமாறு கேட்கும் அறிவிப்பை அனுப்பலாம், பிள்ளை இசைந்தால் திறக்கும். இந்த ஏற்பாடு தக்கதே. சிறு வீட்டில் ஒலிவாங்கி திறந்தால் கமராவைக் காட்டிலும் அதிகமாக வீடு வெளிப்படும். சண்டையும் இருமலும் குழந்தையின் அழுகையும் சுவரில்லாது வகுப்புக்குள் வந்துவிடும். ஆகவே முதல் ஐந்து நிமிடத்தில் குரலைக் கேட்க விரும்பும் ஆசிரியர், நாளுக்கு இருவர் என்று முறைவைத்து, முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவிடுவது நலம். முன்னறிவிப்புப் பெற்ற பிள்ளை அந்த ஒரு நிமிடத்துக்கு மாடிப்படியிலோ வாசலிலோ போய் நின்றுகொள்ளும்.

கமராவைப் பற்றியும் இதே முறை பொருந்தும். "விரும்பியவர் ஒரு நிமிடம் கமராவைத் திறந்து கைகாட்டிவிட்டு மூடலாம்" என்று கூறும் ஆசிரியர் உண்டு. கோர்னெல் ஆய்வாளரும் கட்டாயப்படுத்தாது ஊக்குவிக்கவே பரிந்துரைத்தனர். ஆயினும் இதில் ஒரு நுண்ணிய தீங்கு ஒளிந்திருக்கிறது. தனியறையும் நல்ல வெளிச்சமும் உள்ள அதே நான்கு பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் கைகாட்டுவர். ஆசிரியர் தம்மை அறியாமலே அந்நால்வருடன் மட்டும் பேசத் தொடங்கிவிடுவார். முகம் தெரிந்தவரிடம் கண் செல்வது இயல்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையேனும் யார் யாருடைய பெயரை முதல் ஐந்து நிமிடத்தில் உச்சரித்தோம் என்று இடாப்பில் புள்ளியிட்டுப் பார்த்தால் இச்சாய்வு தெரிந்துவிடும்.

பெயர் சொல்லி வரவேற்பதால் படிப்பில் பயன் விளைகிறதா என்பதற்கு நேர்வகுப்பிற் செய்த ஆய்வொன்று உண்டு. ஓல்டே, பகுரார் என்னும் இருவர் 2007இல் வெளியிட்ட அந்த ஆய்வில், ஆசிரியர் வாசலில் நின்று மாணவரைப் பெயர் சொல்லி வரவேற்றபோது, வகுப்பின் முதற் பத்து நிமிடத்தில் அவர்கள் வேலையில் ஈடுபட்டிருந்த நேரம் சராசரி 45 வீதத்திலிருந்து 72 வீதமாக உயர்ந்தது. ஆனால் ஆராயப்பட்டவர் மூன்றே மாணவர். அவர்களும் வேலையில் மனஞ்செலுத்தத் தடுமாறியவர்கள் என்று தெரிந்தெடுக்கப்பட்டோர். கருஞ்சதுரங்களுக்கு அந்த எண்ணிக்கையை அப்படியே ஏற்றிச் சொல்வது பொருந்தாது.

எண்ணிக்கை பெருகும்போது முறையும் மாறவேண்டும். அறுபது பேருக்கு ஐந்து விநாடி வீதம் என்றால் ஐந்து நிமிடம். நாற்பது நிமிட வகுப்பில் எட்டிலொரு பங்கு அதற்கே போய்விடும். அங்கே நாளுக்கு எட்டுப் பேர் வீதம் வரவேற்று, எட்டு வகுப்பில் ஒரு சுற்றை முடிப்பதே இயலும். மற்றையோரின் எண்களை மொத்தமாக, "பதினொருவருக்கு மூன்றாம் கணக்குப் பாதியில் நின்றிருக்கிறது" என்று கூறிவிடலாம். உயர்தரப் பரீட்சைக்காக நூற்றுக்கணக்கானோர் கூடும் வகுப்புகளில் இதுவும் இயலாது. அங்கே ஆசிரியர் வானொலி அறிவிப்பாளரைப் போலவே நடந்துகொள்வது நேர்மை: வணக்கம் கூறுதல், அன்றைய பாடம் எது, எத்தனை நிமிடம், கேள்விகளை எப்போது கேட்கலாம் என்று சொல்லுதல், மறுமொழியை எதிர்பாராது தொடங்குதல். விடையை எதிர்பாராத இடத்தில் "கேட்கிறதா?" என்று கேட்காதிருந்தாலே பாதி வருத்தம் நீங்கும். கேட்கிறதா என்பதை அறிய, நம்பத்தக்க ஒரு மாணவரிடம் முன்னரே சொல்லி வைத்து அவர் மட்டும் எழுதுமாறு செய்யலாம்.

மின்வெட்டு வேளைகளில் இவையெல்லாம் குலைந்துபோவதுண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. வீட்டு இணைப்பு அறுந்த பிள்ளை தொலைபேசி இணைப்பில் மீண்டும் நுழையும். சிறிது நேரத்தில் அதுவும் அறும். அத்தகைய நாட்களில் ஒரே பிள்ளை ஐந்து நிமிடத்தில் மூன்று முறை காத்திருப்பறைக்கு வந்து நிற்கும். முதன்முறை பெயர் சொல்லி வரவேற்ற பின், அடுத்த முறைகளில் பேச்சை நிறுத்தாமல் உள்ளே அனுமதித்துவிட்டு, எந்தக் கணக்கில் வகுப்பு நிற்கிறது என்பதைப் பெட்டியில் ஒரு வரி எழுதிவிடுவதே ஆசிரியைகள் கண்ட வழி: "பக்கம் 84, கணக்கு 3, இரண்டாம் படி."